தண்ணி நிக்கல

சிம்மக்கல்லில் இருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் ஆபீஸில் ஸ்யாமளாவுக்குப் புகார் வாங்கும் வேலை. கவுண்டருக்கு முன்னால் விவசாயிகள் வரிசையாக நிற்பார்கள். இடையிடையே போன் அடிக்கும். மில் எஞ்சினியர்கள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார்கள். எந்தப் பாஷையில் வந்தாலும் அவள் இங்கிலீஷில்தான் சீட்டெழுதி உள்ளே அனுப்ப வேண்டும். சர்வீஸ் எஞ்சினியர் தேஷ்பாண்டே புனேக்காரர், தமிழ் தெரியாது. சீட்டைப் பார்த்துத்தான் மெக்கானிக்கிடம் சாமான் கொடுத்தனுப்புவார். ஒரு சொல் பிசகினால் மெக்கானிக் போன காரியம் வீண். வயல் காய்ந்து கிடக்கும்.

ஆகவே ஸ்யாமளா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சொன்னவர் பாஷையிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் எழுதுவாள்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஒரு திங்கட்கிழமை. ஒரு மில்லிலிருந்து போன். பம்ப் தண்டு நுழையும் இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றார் எஞ்சினியர். 'வாட்டர் நாட் ஸ்டாப்பிங்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே பரவையிலிருந்து வந்த சோலையம்மாள்.

“தண்ணி நிக்க மாட்டேங்குது தாயி” என்றாள் அவள்.

காதில் இன்னும் அந்த இங்கிலீஷ் ஒலித்துக்கொண்டிருந்தது. பேனா தானாகவே 'வாட்டர் நாட்' வரை போய்விட்டது. ஸ்யாமளா சட்டென்று கையை நிறுத்தினாள். நிற்பது என்றால் ஓய்வதும் நிற்பதுதான், தங்குவதும் நிற்பதுதான். இங்கிலீஷில் இரண்டும் வேறு.

“எது நிக்கலக்கா? ஒழுகிக்கிட்டே இருக்கா, இல்ல மோட்டார அமத்துனதும் குழாய்த் தண்ணி கிணத்துக்கே எறங்கிருதா?”

“எறங்கிருதுத்தா. தடவைக்குத் தடவை குழாய்க்குள்ள கொடங் கொடமா தண்ணி ஊத்தித்தேன் மோட்டார ஓட்ட வேண்டியிருக்கு.”

ஸ்யாமளா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். சோலையம்மாள் தலையாட்டினாள். எழுதிய 'வாட்டர் நாட்'டை அடித்துவிட்டு, நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிவிடுகிறது என்று இங்கிலீஷில் எழுதினாள்.

தேஷ்பாண்டே இரண்டு சீட்டுகளோடும் வெளியே வந்து, இரண்டும் ஒரே கோளாறா என்று கேட்டார். இல்லை, ஒன்றில் நீர் வெளியே ஒழுகுகிறது, மற்றதில் உள்ளே தங்கவில்லை என்று இங்கிலீஷில் விளக்கிவிட்டு, வரிசையில் அடுத்தவரிடம் தமிழில் ஊர்ப்பெயர் கேட்டாள். மில்லுக்குத் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு போயிற்று. பரவைக்கு, கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் மாட்டித் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட்வால்வோடு மெக்கானிக் காசிமாயன் போனார்.

சாயங்காலம் திரும்பியவர் பழைய வால்வை அவள் மேஜையில் வைத்தார். அதன் தோல் வாஷர் கிழிந்து தொங்கியது.

“நீங்க எழுதுனதுதாம்மா. ஒரே நடையில வேல முடிஞ்சுச்சு” என்றார்.

தேஷ்பாண்டே அந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திண்டுக்கல் பக்கத்துப் புகார்களையும் அவளே வாங்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் தனியாக இன்னொரு போன் வேண்டும் என்றாள் ஸ்யாமளா. மறுவாரமே போன் வந்தது. டெலிபோன் கம்பிக்காரர் அதை மாட்டி முடித்ததும், டயல் டோன் வருகிறதா என்று முதலில் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவள் அவள்தான்.