பம்பில் சிக்கிய மஞ்சள் ஸ்பாஞ்ச்

மார்ச் 4: முதல் வருகை. 850.
மார்ச் 15: தொலைபேசியில் யோசனை. கட்டணம் இல்லை.
மார்ச் 27: இரண்டாம் வருகை. 850.
மார்ச் 27, மாலை: திருப்பித் தந்தது. 1,700.

குழந்தைகள் காப்பகம் ஒன்றின் கணக்கை வாரத்தில் மூன்று நாள் போய் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே உள்ள நான்கு வரிகளும் அந்தக் கணக்கில் இருப்பவை. பணம் வாங்கியவரும் திருப்பித் தந்தவரும் ஒருவரே. என் தங்கையின் கணவர். ஊரில் அவரைச் ‘சொட்டு’ என்பார்கள். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியும். “எழுதுங்க மச்சான், ஆனா ஸ்பாஞ்ச விட்டுடாதீங்க” என்று அவரே சொன்னார்.

இளவயதில் தண்ணீர்ப் பம்புகளுக்குச் சுருள் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை மூடிய பிறகு வீடு வீடாகப் போய்த் துணி துவைக்கும் இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் பழுது பார்க்க ஆரம்பித்தார். நல்ல கைராசி. அதைவிட அவருக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. வேலை முடிந்து எழுந்தால், அந்த வீட்டுத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடக்கக் கூடாது. காலணிக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டுதான் சமையலறைக்குள் காலை வைப்பார். போகும்போது தான் மண்டியிட்ட இடத்தைத் தானே துடைப்பார். “டாக்டர் வந்துட்டுப் போன மாதிரி இருக்கணும் மச்சான், கொத்தனார் வந்துட்டுப் போன மாதிரி இருக்கக் கூடாது” என்பார்.

“நம்ம வீட்டுக் குழாய் மட்டும் ஆறு மாசமாச் சொட்டுது, டாக்டர் எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லுண்ணே” என்பாள் தங்கை.

காப்பகத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தவன் நான். அங்கே முப்பது குழந்தைகள். சமையலறையைப் பார்த்துக்கொண்டவரைக் குழந்தைகள் ‘தட்டக்கா’ என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும். குரல் பெரிது, ஆள் சின்னது.

மார்ச் நாலாம் தேதி காலையில் தட்டக்கா பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்தபோது அடித்தட்டில் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கி நின்றது. கழுவி முடிந்தும் வடியவில்லை. சொட்டு வந்தார். முதலில் மின்செருகியைப் பிடுங்கினார். தண்ணீரைக் குவளையால் மொண்டார். அடியில் இருந்த உருளை வடிகட்டியைத் திருகி எடுத்தார். அதில் பட்டாணித் தோல், காகிதப் படத் துணுக்கு, கொஞ்சம் பிசுக்கு. பிறகு இயந்திரத்தை இழுத்துப் பின்னால் பார்த்தார். அழுக்குத் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியின் கழிவுப் பாதைக்குக் கொண்டுபோகும் குழாய் மேடைக்கு அடியில் உயர வளைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் தொட்டியின் அழுக்கு இயந்திரத்துக்குள் திரும்பி வந்துவிடும். கட்டு அவிழ்ந்து குழாய் தரையில் விழுந்து, இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. தண்ணீர் வடியாததற்கு அதுதான் உண்மையான காரணம். நசுங்கலை நிமிர்த்தி, வளைவை உயர்த்திப் புதிதாகக் கட்டினார்.

கடைசியாகப் பம்ப். வடிகட்டி இருந்த குழிக்குள் ஒரு சிறிய மூடி. அதைத் திறந்தால் பம்பின் குட்டி விசிறி. குழியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். சொட்டு அதைத் தன் மஞ்சள் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பக்கெட்டில் பிழிந்தார். மூலையில் எட்டாத இடத்துக்கு ஸ்பாஞ்சைக் கத்திமுனையால் உள்ளே தள்ளி உறிஞ்சினார். அது அவர் வழக்கம். வேறு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். விசிறியை விரலால் சுழற்றினார், சுழன்றது. மூடினார். ஓட்டிப் பார்த்தார், தண்ணீர் சரசரவென்று போயிற்று.

எல்லாம் முடிந்து எழுந்தவர் வடிகட்டியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். மேலாளர் அம்மா இருந்தார், பிள்ளைகளை விட வந்த இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள்.

“இங்க பாருங்க. தட்டுல இருக்கிறத வழிச்சுப் போடாம அப்படியே அடுக்கினா மிஷின் என்ன பண்ணும்? ஏம்மா, வீட்லயும் இப்படித்தானா?”

தாய்மார்கள் சிரித்தார்கள். தட்டக்காவின் முகம் சிவந்தது. 

பதினொரு நாள் கழித்து மறுபடியும் தண்ணீர் நின்றது. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் வேறொரு வீட்டில் வேலையாக இருந்தார். “குழாயெல்லாம் நான் கட்டினது, அது நகராது மச்சான். திரும்ப மிச்சத்தக் கொட்டியிருப்பாங்க. வடிகட்டியக் கழுவச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். தட்டக்கா கழுவினார். மெதுவாக வடிந்தது. இந்தப் பேச்சைக் கேட்ட மேலாளர் அம்மா, கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்றும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு தட்டக்கா அரை மணி முன்னதாக வர ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டையும் கையால் அலசிவிட்டுத்தான் இயந்திரத்தில் அடுக்கினார். “இப்படி அலசறதுக்கு மிஷின் எதுக்கு? நான்தான் மிஷின்” என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மார்ச் இருபத்தேழு, தண்ணீர் கதவு விளிம்பு வரை நின்றது. மேலாளர் அம்மா தட்டக்காவை அறைக்கு அழைத்து, மாதக் கடைசியோடு போதும் என்றார். பிறகு சொட்டை வரச் சொன்னார்.

அவர் வந்தபோது தட்டக்கா அடுப்பின் பக்கம் நின்று தன் மேலங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

“வடிகட்டியப் பாருங்க, நல்லாப் பாருங்க. கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன். எங்க கொட்டினேன்னு காட்டுங்க” என்றார்.

சொட்டு மண்டியிட்டார். நான் டார்ச்சைப் பிடித்தேன். வடிகட்டி உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. மேடைக்கடியில் கை விட்டுப் பார்த்தார். குழாய் வளைவு உயரத்தில் கட்டியபடியே இருந்தது, நசுங்கவில்லை. மின்செருகியைச் சொருகி வடிக்கும் பொத்தானை அழுத்தினார். பம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகியது, தண்ணீர் அசையவில்லை.

“மோட்டாருக்கு மின்சாரம் போகுது. பம்பு சுத்தல. உள்ள என்னமோ புடிச்சிருக்கு” என்றார். மறுபடி செருகியைப் பிடுங்கினார், தண்ணீரை மொண்டார், பம்பின் மூடியைத் திறந்து விரலை விட்டார்.  என் டார்ச்சுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. எழுந்தவர் ஈரக் கையைச் சட்டைப்பையில் விட்டிருந்தார்.

“என்ன இருந்தது?” என்றார் மேலாளர் அம்மா.

“ஏதோ துணுக்கு. எடுத்தாச்சு.”

“சாப்பாடா?”

சொட்டு அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டார். தரையைத் துடைக்க மறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் துடைக்காமல் போய் நான் பார்த்ததில்லை.

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் சட்டைப்பை நனைந்து வட்டமாகக் கறுத்திருந்தது.

“மாப்ளே, பையில என்ன?”

எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் அளவு மஞ்சள் ஸ்பாஞ்ச், நாரும் முடியுமாகச் சுருண்டிருந்தது. பிறகு தோள்பையைத் திறந்து தன் ஸ்பாஞ்சை எடுத்தார். அதன் ஒரு மூலை இல்லை.

“கத்தியால தள்ளினேன்ல. அறுந்து உள்ள ஒதுங்கியிருக்கு. அன்னைக்கு ஓட்டிப் பார்த்தப்ப மாட்டல. கொஞ்சம் கொஞ்சமா விசிறிகிட்ட வந்து சுத்திக்கிச்சு.” துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஒரு சொட்டு விடக் கூடாதுன்னு போய்…”

பேருந்து வந்தது. நான் ஏறினேன், அவர் ஏறவில்லை. நடத்துநர், “பெரியவரே, ஏறுறாரா இல்லையா உங்க ஆளு?” என்று கத்தினார். நானும் இறங்கிவிட்டேன். இருவரும் காப்பகத்துக்குத் திரும்பி நடந்தோம்.

பிள்ளைகளை அழைத்துப் போகும் நேரம். அந்த இரண்டு தாய்மார்களில் ஒருவர் குழந்தையோடு மேலாளர் அம்மாவின் அறையில் நின்றிருந்தார். அந்தத் தாய் போகட்டும் என்று சொட்டு காத்திருப்பார் என நினைத்தேன். காத்திருக்கவில்லை. ஸ்பாஞ்சையும் துண்டையும் மேலாளர் அம்மாவின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேசையில் ஈரம் படிந்தது.

“அம்மா, இது என்னோடது. நான்தான் உள்ள விட்டுட்டுப் போனேன். அந்தக்கா மேல ஒரு தப்பும் இல்ல. முதல் தடவையும் குழாய் நசுங்கினதுதான் காரணம். அத நான் பெருசாச் சொல்லல. வடிகட்டியக் காட்டிப் பேசிட்டேன்.” ஆயிரத்து எழுநூறையும் வைத்தார்.  நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

மேலாளர் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஏன் கேட்டப்ப சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு.”

தட்டக்காவைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அருகில் வந்தவர் மஞ்சள் துண்டைத் தொடவில்லை.

“என்னை மன்னிச்சிடுங்க அக்கா” என்றார் சொட்டு. அவர் தட்டக்காவைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

“பம்புல மாட்டினத எடுத்துட்டீங்க. ‘வீட்லயும் இப்படித்தானா’ன்னு கேட்டீங்களே, அத எங்க இருந்து எடுப்பீங்க? இவங்கல்லாம் சிரிச்சாங்க.”

அந்தத் தாய் குழந்தையின் தலைமுடியைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

மேலாளர் அம்மா வேலை தொடரும் என்றார். ஆனால் எச்சரிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதை ரத்து செய்வதாக அங்கிருந்து எழுத்தில் வந்தால்தான் தட்டக்காவின் பெயர் சுத்தமாகும். சொட்டு தானே உட்கார்ந்து நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அவர் தன் பெயருக்கு நேரே எழுதியிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் காப்பகத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார். “வந்துச்சா மச்சான்?” என்பார். நான் இல்லை என்று தலையாட்டினால் போய்விடுவார். இயந்திரம் அதன் பிறகு ஒருமுறையும் மக்கர் பண்ணவில்லை. உள்ளே வந்து பாருங்கள் என்று மேலாளர் அம்மாவே கூப்பிட்டும், அந்தச் சமையலறையில் காலை வைக்கவில்லை. மற்ற வீடுகளில் வேலை முடிந்ததும் ஸ்பாஞ்சை வெளிச்சத்தில் பிடித்து நான்கு மூலையும் பார்க்கிறார் என்று தங்கை சொன்னாள். “கேலி பண்ணலாம்னு வாயெடுத்தேன், மூஞ்சப் பார்த்து விட்டுட்டேன்ணே” என்றாள். வீட்டில் சொட்டிய குழாயையும் சரி செய்துவிட்டாராம்.

மே மாதம் ஒரு நாள் நல்ல மழை. வாசலில் நனைந்துகொண்டு நின்றார். ஊழியர்களுக்குத் தேநீர் கொண்டு வந்த தட்டக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார். தட்டில் ஒரு குவளை மிச்சம் இருந்தது.

“அவருக்குக் குடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“கடுதாசி வரட்டும்” என்றார். சமையலறைக்குத் திரும்பிப் போனவர் ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “இத வேணா குடுங்க. திருப்பித் தரச் சொல்லுங்க.”

சொட்டு அடுத்த வாரமே குடையைக் காயவைத்து, மடித்து, வாசலிலிருந்தே கொடுத்தார். தேநீரைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

ரத்து செய்த கடிதம் வந்தது ஜூன் 19, புதன்கிழமை.