ரசீதில் இருந்த வரி எண்

தையல்காரம்மா துணியை இரண்டு முறை அளக்காமல் கத்திரியைத் தொட மாட்டார். தம்பி கைபேசியில் அனுப்பும் சொத்துவரி ரசீதுகளை மட்டும் ஒரு முறைகூட உற்றுப் பார்த்ததில்லை. அப்பாவின் வீட்டை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து, அக்காவிடம் பணம் வாங்கிப்போய் அவர் வரியையும் கட்டுவது அவன் பொறுப்பாக இருந்தது.

ஆறு அரையாண்டு பாக்கி என்று நோட்டீஸ் வந்ததும் கொதித்துப்போய், நகராட்சி வாசலில் மனு எழுதுபவரிடம் போனார்.

“கட்டின வரியையே மறுபடி கேக்கறாங்க. நறுக்குன்னு பதில் எழுதுங்க.”

நோட்டீஸ் எண்ணையும் தேதியையும் எழுதியவர், ரசீதுகளுக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“அம்மா, நோட்டீஸ்ல இருக்கற வரி எண் வேற. இந்த ஆறு ரசீதுலயும் இருக்கறது வேற.”

அது தம்பியின் பாதிக்கு உரிய எண். இரண்டு பாதியும் இன்னும் அப்பா பெயரிலேயே இருந்ததால், பெயரைப் பார்த்தே தையல்காரம்மா நம்பியிருந்தார்.

“கட்டிட்டேன்னு எழுத முடியாதும்மா. பாக்கி விவரமும் கட்ட அவகாசமும் கேக்கலாம்.”

“கேளுங்க.”

“ரசீதை இணைக்கவா?”

“வேணாம். அவனுக்கே திருப்பி அனுப்பறேன். அக்கா காசுல அவன் வரி கட்டினதுக்கு, அவன்கிட்டயும் ஒரு ரசீது இருக்கட்டும்.”