தொண்ணூற்றேழும் ஒன்பதும்

பரிமளா பதினோரு வருசமாக ஆலங்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுக்கிறாள். கறார் பேர்வழி. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள், மாணவன் திருப்பதியின் கட்டுரைக்குத் தொண்ணூற்றேழு சதவீதம் காட்டியதும், அவனை வகுப்பில் நிறுத்தித் திட்டி, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் வாங்கினாள். கட்டுரைக்கு ஒன்பதே வந்த தேவிப்ரியாவுக்கு எல்லாரையும் கைதட்டச் சொன்னாள்.

மத்தியானம் தேவிப்ரியா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "மிஸ், என்னதும் ஏஐ எழுதுனதுதாங்க. வேற டூல்ல போட்டு வாக்கியத்த மாத்திட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் நாலு வரிய நானே திருத்துனேன். திருப்பதி அப்படியே குடுத்துட்டான்."

பரிமளா நம்பாமல், திருப்பதியின் கட்டுரையையும் அதேபோல மாற்றி மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு.

மேசையில் அவனுடைய மன்னிப்புக் கடிதம் கிடந்தது. வரிக்கு வரி தப்பு. அத்தனையும் அவனே எழுதியது. காலையில் அதையும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தாள்.