மக்கீன் நானாவின் விரல்

வெள்ளவத்தைச் சந்தையில் மக்கீன் நானாவிடம் மீன் வாங்குவதென்றால் முதலில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எந்த மீன் என்பது பிறகு. "என்னா ஆக்கப் போற?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தெரியாது என்று சொன்னவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். எனக்கு இந்த அதிகாரம் பிடிக்காது. நான் வேலை பார்க்கும் கந்தோரில் துரைமாரின் அதிகாரம் போதாதா, மீன்காரரிடமும் வேண்டுமா? ஆனாலும் வேறு கடைக்கு நான் போனதில்லை.

கறிக்கு என்றால் அறக்குளா மீனை நடுமுள்ளோடு சேர்த்துக் குறுக்கே வெட்டுவார். முள் பிடித்திருப்பதால் துண்டு கொதியில் கரையாது. பொரிக்க அதே மீனை இன்னும் மெல்லியதாக வெட்டுவார். தேங்காய்ப்பால் சொதிக்குத் தலையும் வால்பக்கமும் போதும் என்று அதைத்தான் தருவார். விளைமீனை முழுசாகப் பொரிக்கக் கேட்டால், முதலில் செட்டைகளை நறுக்கி, மீனை நனைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சுரண்டுவார். பிறகு உப்பும் மிளகாய்த்தூளும் இறங்க இரு பக்கமும் மூன்று கீறல். அதற்கு மேல் ஒரு கீறல் கேட்டால் முறைப்பார்.

சதை மட்டும் கேட்பவர்கள் துரைமாரின் பங்களாக்களில் சமைக்கும் குசினிக்காரரும் நோயாளி வீட்டாருமே. அவருக்குப் பேர் வாங்கித் தந்ததும் அந்த வேலைதான். நடுமுள்ளை ஒட்டிக் கத்தி ஓட்டிச் சதையைப் பெயர்த்த பிறகும், தலைப்பக்கத்திலிருந்து பாதி தூரம் சதைக்குள்ளே ஒரு வரிசைச் சிறுமுள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வலது சுட்டுவிரலால் தடவி, அந்த வரிசையின் இரு பக்கமும் கத்தியை ஓட்டி, மெல்லிய பட்டையாக எடுத்து எறிவார். "முள்ளு இல்ல" என்று அவர் சொன்னால் இல்லைதான்.

என் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு விட்டு, டாக்குத்தர் குழைந்த சோறும் மீன்சதையும் கொடுக்கச் சொன்ன வாரம், நான் அவரிடம் கொடுவாச் சதை வாங்கினேன். "முள்ளு இல்ல, ஐயா. பயமில்லாமக் குடுங்க" என்றார். மூன்றாவது வாய்ச் சோற்றில் பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பிதுக்கினாள். டாக்குத்தர் இடுக்கியால் எடுத்த முள் அரை விரல் நீளம் இருந்தது.

மறுநாள் காலையில் நான் சந்தைக்குப் போனது சண்டைக்கு. பங்களாக் குசினிக்காரர் இருவர் கூடையோடு காத்து நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"என்ன நானா, என்ர பிள்ளையைச் சாகக் கொடுக்கவோ பாத்தனீங்கள்?"

மக்கீன் நானா கத்தியைக் கீழே வைத்தார். மீன் கொண்டுவந்தவனையோ என் மனைவியின் சமையலையோ அவர் பழி சொல்லியிருக்கலாம். நான் அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் வலது சுட்டுவிரலை நீட்டினார். நுனியில் ஆறிப்போன தழும்பு.

"மூணு கெழமைக்கு முந்தி கெளுத்தி முள்ளு குத்தினது. காயம் ஆறிட்டுது. தொட்டாத்தான் ஒண்டும் தெரியுதில்ல."

"அப்ப ஏன் முள் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"நான் முள்ளுப் பட்டயெ கண்ணளவுல வெட்டி எடுத்த. எல்லாம் வந்திருக்கும் எண்டு நெனச்ச." விரலை மடக்கிக்கொண்டார். "இந்த வெரலு போச்சுண்டு செல்லிட்டா எனக்கிட்ட ஆரு வாரது?"

பிறகு குசினிக்காரரைப் பார்த்து, "இண்டைக்கு முள்ளெடுத்த மீன் இல்ல. கறித்துண்டு மட்டும்தான்" என்றார். அவர்கள் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மூன்று வாரம் மறைத்து வைத்ததை என் ஒரு சத்தம் உடைத்துவிட்டது. என் கோபத்தில் துளி அநியாயமும் இல்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பங்களாக் குசினிக்காரர் திரும்பி வரவேயில்லை. இரண்டு மாதம் மக்கீன் நானா கறித்துண்டு மட்டுமே விற்றார். இடையில் இடது கையைப் பழக்கினார். கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் சதையைப் போர்த்தினால் வளைவில் முள்நுனிகள் எழும்பும். அவற்றை இடது பெருவிரலால் தேடுவார். நேரம் பிடிக்கும். கறித்துண்டு வாங்க வந்தவர்கள் காத்து நின்று முணுமுணுப்பார்கள்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை மகளுக்குக் கொடுவாச் சதை கேட்டேன். தடவித் தடவி வெட்டினார். பொதி சுற்றாமல் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.

"நீங்களும் ஒருக்காத் தொட்டுப் பாருங்க, ஐயா."

சந்தையில் நாலு பேர் பார்த்து நின்றார்கள். தலைப்பக்கத்திலிருந்து தடவினேன். நடுவுக்குச் சற்று முன்னால் என் விரலில் ஒன்று குத்தியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் மனம் சொன்னது.

"ஒண்டு இருக்கு, நானா."

"எங்க?" என்று கையை நீட்டினார். அவருடைய இடது பெருவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.