விடுப்பில் போன ஒற்றைத்தூண்

ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் கம்பெனியில் அவர் விற்பனைப் பிரிவு மேலாளர். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஒற்றைத்தூண். தான் நகர்ந்தால் கூரை இறங்கிவிடும் என்று நினைக்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? விடுப்பே எடுத்ததில்லை என்பதை மெடல் போலக் குத்திக்கொண்டு திரிந்தார்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது என்ற நிலை வந்தபோதுதான் பத்து நாள் கேட்டார். மின்னஞ்சலில் தானியங்கிப் பதில் போடச் சொன்னது நிர்வாகம். அதற்கே ஒரு மதியத்தைத் தின்றார்.

பக்கத்து மேசையில் இருந்த துணை மேலாளர் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு வரி போதும் சார். என்னைக்குத் திரும்பி வருவீங்க, அவசரம்னா யாரைக் கேக்கணும். என் நம்பரப் போட்டுக்கோங்க."

"உன் நம்பரப் போட்டா, நாளைக்கு உன்னையே கேட்டுப் பழகிடுவாங்கம்மா," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது நிஜமான பயம். "தேதி போட்டா லீவுல இருக்கேன்னு இளக்காரமாப் பாப்பாங்க."

கடைசியில் அவர் போட்டது இது: 'தவிர்க்க இயலாத குடும்பக் கடமைகள் காரணமாகத் தற்சமயம் தங்கள் மேலான மடலுக்கு மறுமொழி தர இயலாத நிலையில் உள்ளேன். பொறுத்தருள்க.' அதற்குக் கீழே பட்டம், பதவி, வாங்கிய விருதுகள்.

கல்யாண மண்டபத்தில் அவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏற்றுமதி பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பெரிய வாடிக்கையாளரிடமிருந்து மடல் வந்தது. வருடம் முழுவதற்குமான ஆர்டர், வெள்ளிக்கிழமைக்குள் விலையை உறுதி செய்யுங்கள். பதிலுக்கு அந்தப் பொறுத்தருள்க போனது. அவர்கள் மறுபடி எழுதினார்கள். தானியங்கிப் பதில் ஒருவருக்கு ஒருமுறைதான் போகும், அதனால் இந்த முறை அதுவும் இல்லை. மடல்கள் அவர் பெட்டியில்தான் விழுந்தன, துணை மேலாளருக்கு எதுவும் தெரியாது.

திரும்பி வந்து மடல்களைப் பார்த்தபோது அந்த வெள்ளிக்கிழமை கடந்திருந்தது. உறுதி செய்கிறேன் என்று அவசரமாக எழுதினார். அடுத்த நொடியே வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரியின் தானியங்கிப் பதில் வந்தது: 'வணக்கம். இருபதாம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன், இருபத்தொன்றாம் தேதி திரும்புவேன். அவசரமெனில் என் துணை அதிகாரியைக் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும். நன்றி.'

அழைத்தார். உடனே எடுத்தார்கள். ஓர் இளம்பெண்ணின் குரல். தான் யாரென்று சொல்லி ஆர்டரைப் பற்றிக் கேட்டார்.

"அந்த ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு சார். ரெண்டு தடவை எழுதினோம். நீங்க எப்ப வருவீங்கன்னும் தெரியல, யாரைக் கேக்கறதுன்னும் தெரியல."

"உங்க மேலதிகாரி வந்தப்புறம் அவர்கிட்டயே பேசிக்கறேன்," என்றார் அதிகாரத்தோடு.

"பேசலாம் சார். ஆனா வேற கம்பெனிக்குக் குடுத்தது நான்தான். அவர் இல்லாதப்ப நான்தான் முடிவெடுப்பேன்."

போனை வைத்தார். பக்கத்து மேசையில் துணை மேலாளர் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியின் அறைக்குள் போய் இதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான், அவருக்குப் பதிலாகச் சொல்ல அங்கே யாரையும் அவர் வைத்திருக்கவில்லை.