ஜொம்ஸ் என்றால் என்ன என்று கேட்டவர்கள்

எங்கள் பள்ளி கரஸ்பாண்டென்டுக்கு ஃபோனில் வரும் ஃபார்வர்டு எல்லாமே வேதவாக்கு. அன்று காலை பிரேயர் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினார். பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பின் ஸ்கிரீன்ஷாட். அந்த வகுப்புக்கு நான்தான் கணக்கு டீச்சர், கிளாஸ் டீச்சர், குரூப்புக்கு அட்மினும் நான்தான். மாரிகுப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள்: “நாளிக்கி அவன் வருவான். எல்லாரும் ஜொம்ஸ்.”

“இன்னா மிஸ் இது, ஜொம்ஸு?”

“தெரியல சார்.”

“கிளாஸ் டீச்சருக்கே தெரியலன்னா எப்டி? ஒரு பேரண்ட் அனுப்பிச்சாரு. நான் நெட்ல பாத்துட்டேன். போதை மாத்திரைக்கு வெச்ச பேராம்.”

அவர் பார்த்த தளத்தை நானும் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் ஒரு சொல்லைப் போட்டு, தோன்றிய அர்த்தத்தை எழுதலாம். அதிலும் இருந்தது இந்தச் சொல் இல்லை, எழுத்து கொஞ்சம் ஒத்துப்போகும் வேறொன்று. எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ. சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கமிட்டி, அந்தப் பெண்ணின் அப்பாவை வரச்சொல்லி டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இந்த நேரத்தில் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. பத்தாவது அதோடு போச்சு.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் வேலை செய்யும். நேரே குரூப்பில் எழுதினேன்: “ஜொம்ஸ்னா இன்னா?” எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. ஒருவரும் பதில் போடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒருவன், வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதில் சந்தேகம் கேட்டான். இன்னொருத்தி அதற்குப் படம் போட்டாள். எவ்வளவு கொழுப்பு என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்தும் கேட்டேன். “டிசி குடுத்துருவாங்கடி, தெரியுமா?” என்றேன். “தெரியும் மிஸ்” என்றாள். வகுப்புக்குப் போய்விட்டாள்.

சரி, அவர்கள் சொல்லாவிட்டால் சொல்லே சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன். குரூப்பில் தேடும் வசதியில் அந்தச் சொல்லைப் போட்டேன். பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதுபவர்களா? ஒருவன் ஒரு எஸ், இன்னொருத்தி இரண்டு, வேறொருவன் நடுவில் ஒரு எச். ஒவ்வொரு விதமாகவும் தேடினேன். குரல் பதிவுகளைத் தேட முடியாது. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினேழு இடம் கிடைத்தது. நோட்டில் கட்டம் போட்டேன்: யார் சொன்னது, யாரைப் பற்றி, அடுத்து வந்தது என்ன.

முதலில் தெரிந்தது, இது பொருளுக்கு வைத்த பெயர் இல்லை என்பது. ஒருவரும் வாங்கவில்லை, கொண்டுவரவில்லை, எவ்வளவு என்று கேட்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் “ஜொம்ஸ் வுடு” என்றார்கள், கன்னடப் பிள்ளைகள் “ஜொம்ஸ் மாடு”, அதாவது ஜொம்ஸ் செய், என்றார்கள். இரண்டிலும் அது ஒரு செயல். தன்னைப் பற்றி ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை, எப்போதும் அடுத்தவரைப் பற்றித்தான். சிரிக்கும் பொம்மை ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. மற்றபடி அவர்கள் சாவுக்குக்கூடச் சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள். அடுத்து வந்த செய்தி பதினேழு இடத்திலும் பேச்சை மாற்றியது: கிரிக்கெட், பரோட்டா, தொடுகோடு.

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துத் தேதிகளைப் பக்கத்தில் வைத்தேன். “நாளிக்கி அவன் வருவான்” என்று அவள் எழுதியதற்கு மறுநாள், ஒரு பையன் நான்கு நாள் வராமல் திரும்பிய காலை. லீவ் லெட்டரில் காய்ச்சல் என்றிருந்தது. அவன் அப்பாவை பெங்களூரு கம்பெனி வேலையை விட்டு அனுப்பிய வாரம் அது என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டி என்று சொன்ன மறுநாள். ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த, நான் கேட்டதும் வந்த அந்தத் தொடுகோடு நினைவுக்கு வந்து முகம் சுட்டது. கேட்காதே, பார்க்காத மாதிரி இரு, எப்போதும் போலப் பேசு. இத்தனையையும் அவர்கள் ஒரு சொல்லில் அடைத்து வைத்திருந்தார்கள். அதன் அர்த்தத்தைச் சொன்னால் யாருக்காகச் சொன்னாய் என்பார்கள். அதனால்தான் அவள் டிசிக்குத் தயாராக நின்றாள்.

பதினாறு முடிந்தது. பதினேழாவது ஒரு திங்கட்கிழமை: “ஃபர்ஸ்ட் பீரியட் ஜொம்ஸ்.” முதல் பீரியட் யாருடையது என்று கால அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை. என்னுடையதுதான். அதற்கு முந்தைய சனிக்கிழமை என் கணவர் துணிமணியோடு பெங்களூருக்குப் போனார். திரும்பி வரவில்லை, வரவும் மாட்டார், அங்கே வேறொருத்தியோடு இருக்கிறார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நைட் ஷிப்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பாதி ஆண்கள் பெங்களூரு வேலைக்கு ரயிலோடு போகிறவர்கள், அதனால் பொய் எடுபட்டது. பிள்ளைகளிடம் எடுபடவில்லை. வீங்கின கண்ணோடு நான் நின்ற அந்தப் பீரியடில் நாற்பது பேரும் என்றைக்குமில்லாத ஒழுங்கோடு கணக்குப் போட்டார்கள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் நான்கு பேர். அந்தப் பெண்ணின் அப்பா காலை ரயிலை விட்டுவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். பக்கத்தில் அவள். டிசி புத்தகம் மேசைமேல் திறந்திருந்தது.

என் கட்டத்தை விளக்கினேன், பெயர் எதுவும் சொல்லாமல். கரஸ்பாண்டென்ட் பொறுமையாகக் கேட்டார், அதுதான் ஆபத்து.

“நல்லா இருக்குது மிஸ். ப்ரூஃப் வேணுமே. யாருக்காகச் சொன்னாங்க, இன்னா விஷயம், ஒரே ஒரு பேரு குடுங்க. அந்த வீட்ல கேட்டுட்டு முடிச்சிர்லாம்.”

“குடுக்க மாட்டேன் சார்.”

“அப்ப நான் டிசி எழுதறேன்.”

பேனாவை எடுத்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. என் வாய் எனக்கு முன்னால் போய்விட்டது.

“ஒரு பேரு தரேன். என் பேரு. போன மாசம் ஒரு திங்கக்கெழம எனக்காகச் சொன்னாங்க. என் வீட்டுக்காரரு நைட் ஷிப்ட்ல இல்ல. என்ன வுட்டுட்டுப் போயிட்டாரு. வேற ஒருத்திகூட இருக்காரு. ஸ்டாஃப் ரூம்ல தெனம் கேட்டாங்க, சர்ச்சுல கேட்டாங்க, நீங்களும் ரெண்டு தடவ கேட்டீங்க சார். என் கிளாஸ்ல ஒருத்தரும் கேக்கல.”

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் நகர்ந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கரஸ்பாண்டென்ட் பேனாவின் மூடியைத் திருகித் திருகி, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அதெல்லாம் எங்களுக்கு எதுக்கு மிஸ்? அத நாங்க கேக்கக் கூடாது.”

“அவ்ளோதான் சார் அதுக்கு அர்த்தம்” என்றேன்.