ஐந்துக்கு ஏழரை அடியில் ஒரு கண்ணாடி

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு ஒரே குளியலறைதான். ஐந்தடி அகலம், ஏழரை அடி நீளம். அதை இடித்துக் கட்டத் தீர்மானித்தபோது அப்பா பாத் டப் கேட்டார். எனக்கு வேண்டியிருந்தது வேறு: அம்மா யாரையும் கூப்பிடாமல் குளித்துவிட்டு வர வேண்டும். முந்தைய மாதம் குளிக்கும் பலகையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் இடம்கொடுக்காமல் அவள் கூப்பிட, நான் உள்ளே போய்த் தூக்கிவிட்டேன். அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஆத்தை வித்தா, டப் இருக்கறது ஒரு மதிப்பு" என்றார் அப்பா.

நான் கட்டடப் பொறியியல் படித்தவள். பட்டியல் போட்டேன். டப் வைத்தால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை அடைத்துவிடும். ஒருமுறை நிரப்ப நூற்றைம்பது லிட்டர். நான் நினைத்திருந்த கண்ணாடிக் கூண்டு ஷவரில் ஆறு நிமிடத்துக்கு ஐம்பது போதும். எங்கள் கீசரோ பதினைந்து லிட்டர். அதையும் மாற்றினால் செலவு இரட்டிப்பாகும். விற்பதைப் பற்றி வீட்டுத் தரகரிடமே போனில் கேட்டேன், அப்பா காதில் விழும்படி.

"ஒரே பாத்ரூம் உள்ள வீட்டிலயா டப்? வாங்க வரவங்க பாதியும் வயசானவங்களாக்கும். காலைத் தூக்கி வைக்கணுமில்லே, மோளே" என்றார் அவர், பாதி மலையாளத்தில்.

அப்பா பட்டியலை இரண்டு தடவை படித்தார். "டப்புக்கு அனுகூலமா ஒரு வரிகூட இல்லையே."

"நீங்க சொல்லுங்கோ, எழுதறேன்."

"வேண்டாம். உன் கண்ணாடிக் கூண்டையே போடு."

கூண்டு மூன்றுக்கு மூன்றடி; கண்ணாடிக் கதவு; தண்ணீர் வெளியே வராமல் நான்கு அங்குலத் தடுப்பு. கூடத்துத் தரையில் அதே அளவில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். அம்மா குளிக்கும் பலகையையும் வாளியையும் கொண்டுவந்து கட்டத்துக்குள் வைத்து, கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தலையில் எண்ணெய் தேய்ப்பதுபோல் கைகளைத் தூக்கினாள். இரண்டு முழங்கைகளும் கோட்டைத் தாண்டின.

"ஏண்டி, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுண்டு குளிக்கறச்சே இந்தக் கையை எங்கே வெச்சுக்கறது?"

"அதையும் எழுது, எழுது" என்றார் அப்பா.

என் பட்டியலில் எல்லோரும் நின்றபடியே குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவை நீக்கினேன். தடுப்பை நீக்கினேன். அறையின் அகலம் முழுவதும், நாலடி நீளத்துக்கு, குளிக்கும் இடம். ஷவர் பக்கம் அசையாத ஒரே கண்ணாடி. மறுபக்கம் திறந்த வழி. வழுக்காத டைல். நாற்காலி உயரத்தில் சுவரோடு ஒரு திண்டு, கைக்கெட்டும் இடத்தில் கம்பி.

"தடுப்பில்லாம வெள்ளம் வெளியே வருமே சேச்சி" என்றார் கொத்தனார். டைல் பதிக்கும் முன் இரண்டு வாளி ஊற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் தேங்கியது. சரிவை மறுபடி போடச் சொன்னேன். அடுத்த முறை தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போனது.

இப்போது வருபவர்களுக்குக் காப்பி கொடுத்ததும் அப்பா குளியலறையைக் காட்டுகிறார். "டப்பெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்கிறார்.

முதல் வெள்ளிக்கிழமை நான் குளியலறை வாசலிலேயே நின்றேன். சீயக்காய் மணம் வந்தது, குவளைச் சத்தம் வந்தது, பிறகு நின்றது. கம்பியில் வளையல் உரசியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள்.

"இங்கே என்னடி நிக்கறே, நோக்கு ஆபீஸ் இல்லையா?"

வழிவிட்டு நகர்ந்தேன்.